மூன்று சொற்களுக்கு முன்னால் என்ன போடுவது

வெளிநாட்டுக் கப்பல் ஒன்று திருகோணமலைக்கு வந்தால் அதற்குத் தண்ணீர் வேண்டும், மரக்கறி வேண்டும், மாலுமிக்குப் பல்வலி என்றால் பல் டொக்டர் வேண்டும். இவை எல்லாவற்றையும் கரையில் நின்று ஒழுங்குசெய்து கொடுப்பது எங்கள் கந்தோரின் தொழில். கப்பல் முகவர் என்று பலகையில் எழுதியிருக்கிறது. பலகை பெரியது, கந்தோர் சிறியது. முதலாளி, கப்பல்களில் ஏறி இறங்கிப் பத்திரங்களைக் கொண்டுபோகிற கப்பல்துறை அண்ணை, கடிதங்களும் மின்னஞ்சல்களும் எழுதுகிற நான். லிங்கநகரிலிருந்து ஸ்கூட்டியில் போய்ச் சேருகிறபோது பல நாட்களில் வாசலில், நகருக்குள் திரிகிற மான்களில் ஒன்று படுத்திருக்கும். அதை எழுப்பிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

எங்கள் முதலாளி மரியாதையில் மிகவும் நம்பிக்கை உள்ளவர். குறிப்பாகத் தனக்கு வருகிற மரியாதையில். அவருடைய பெயருக்கு முன்னால் தேசகீர்த்தி, சாமஸ்ரீ என்று இரண்டு பட்டங்கள். பெயருக்குப் பின்னால் சமாதான நீதவான், அதுவும் அகில இலங்கைக்கும். ஒருமுறை வாசிகசாலை ஆண்டுவிழா அழைப்பிதழில் சாமஸ்ரீ விடுபட்டுப் போயிற்று. அழைப்பிதழை உறைக்குள் திரும்பப் போட்டு, "இந்தப் பெயரில் இங்கு ஒருவரும் இல்லை" என்று எழுதுவித்து அனுப்பினார். அதை எழுதியது நான்தான்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் அந்த மின்னஞ்சல் வந்தது.

சீமெந்து அரைக்கிற கிளிங்கர் கட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் எங்களிடம் வந்துகொண்டிருந்தது. அதன் மின்பிறப்பாக்கி ஒன்று வழியில் பழுதாகிவிட்டது. கப்பலை நிர்வகிக்கிற வெளிநாட்டுக் கம்பனியிலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்க்கப்போவதாகவும், கொழும்பு விமான நிலையத்திலிருந்து வாகனம், திருகோணமலையில் அறை, துறைமுக அனுமதி, நங்கூரமிட்டிருக்கும் கப்பலுக்குப் போக லோஞ்ச் படகு எல்லாம் ஆயத்தம் செய்யும்படியும் எழுதியிருந்தது. எழுதியவரே வருகிறவர். ஆங்கிலம் சுத்தமாக இருந்தது. கீழே பெயர் மூன்று சொற்களில். மிஸ்டர் இல்லை, மிஸிஸ் இல்லை, ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே சுப்ரின்டென்டன்ட் என்று பதவி.

நான் அந்த மூன்று சொற்களையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். எங்கள் நாட்டில் ஒரு பெயரைப் பார்த்தால் ஆணா பெண்ணா, எந்தச் சமயம், பல சமயங்களில் எந்தத் தெரு என்றே சொல்லிவிடலாம். இந்தப் பெயரில் எனக்குக் கைப்பிடி எதுவும் அகப்படவில்லை. கணினியில் தேடிப் பார்த்தேன். அதே பெயரில் அந்த நாட்டில் ஒரு நீச்சல் வீராங்கனை இருந்தாள். ஒரு நகரத்தின் மேயர் இருந்தார், அவருக்கு மீசை.

"டியர் சேர் ஓர் மேடம் எண்டு போடட்டோ, ஐயா?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, உனக்கு ஒருத்தன் 'அன்புள்ள ஐயா அல்லது அம்மா' எண்டு எழுதினால் நீ என்ன நினைப்பாய்?"

"எனக்கு அப்பிடித்தான் ஐயா வாறது, பாங்கில இருந்து."

"பாங்க் எழுதலாம். பாங்குக்கு நாங்கள் தேவை இல்லை. எங்களுக்கு இவை தேவை."

"அப்ப ஒரு வரி எழுதிக் கேக்கட்டோ? உங்களை எப்பிடி அழைக்கிறது எண்டு?"

அவருடைய முகம் மாறிவிட்டது. நான் வருகிறவரின் வயதையும் நிறையையும் கேட்கலாமா என்று கேட்டிருந்தால்கூட அவ்வளவு மாறியிருக்காது.

"கேக்கிறதோ! ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டு ஒரு பெரிய மனிசரிட்டக் கேக்கிறதோ? அதைவிட ஒரு அவமரியாதை இருக்கோ? அதோட, எங்களுக்குத் தெரியாது எண்டு காட்டினால் அடுத்த கப்பல் வேற ஏஜென்சிக்குப் போயிடும். மரியாதை எண்டால் கேளாமல் தெரிஞ்சிருக்கிறது."

இதுதான் எங்கள் கந்தோரின் கொள்கை. பிழையாகச் சொல்லலாம், கேட்கக் கூடாது.

அன்று மாலைக்குள் பதில் போக வேண்டும். முதலில் பதவியைப் பற்றிப் பேச்சு வந்தது. சுப்ரின்டென்டன்ட் என்றால் அத்தியட்சகர். எங்களுக்குத் தெரிந்த அத்தியட்சகர்கள் இருவகை: பொலிஸ் அத்தியட்சகர், ஆஸ்பத்திரி வைத்திய அத்தியட்சகர்.

"கப்பல் கொம்பனிக்குப் பொலிஸ் ஏன்?" என்றார் முதலாளி.

கப்பல்துறை அண்ணை அப்போதுதான் வெயிலில் வியர்த்து நனைந்து வந்து மின்விசிறிக்குக் கீழே நின்றார். அவர் கப்பல்களைக் கண்ட மனிதர். "ஐயா, உவை கனபேர் பழைய கப்டன்மார்தான். கடலில ஓடிக் களைச்சாப் பிறகு கொம்பனியில சுப்ரின்டென்டன்டா இருப்பினம். ரெண்டு பேர் அப்பிடி வந்தவை."

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். "கப்டன்! கப்டன் எண்டு போடு பிள்ளை."

"ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டு..."

"அதுதானே சொல்லுறன். கப்டன் எண்டால் ஆம்பிளைக்கும் சரி, பொம்பிளைக்கும் சரி. கப்டன் இல்லாட்டிலும் கோவிக்க மாட்டினம். ஒரு படி கூட்டிச் சொன்னால் இந்த உலகத்தில ஆர் கோவிச்சது? குறைச்சுச் சொன்னால்தான் வழக்கு."

நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், அந்த நேரத்தில் அது எனக்கு நல்ல யோசனையாகவே பட்டது. தமிழில் எழுதுவதென்றால் "அவர்கள்" என்று ஒரு சொல்லைப் பின்னால் போட்டு ஆணையும் பெண்ணையும் அதற்குள் அடக்கிவிடலாம். ஆங்கிலத்தில் அப்படி ஒரு குடை இல்லை என்று நினைத்திருந்தேன். முதலாளி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். "அன்புள்ள கப்டன்" என்று தொடங்கி, மூன்று சொற்களில் கடைசிச் சொல்லைச் சேர்த்து, எல்லா ஒழுங்குகளும் செய்யப்படும் என்று எழுதினேன். அடுத்த நாள் வந்த பதிலில் திருத்தம் எதுவும் இல்லை. "நன்றி. உதிரிப்பாகப் பெட்டிக்குச் சுங்க ஏற்பாடு செய்யவும்" என்று மட்டும் இருந்தது.

"பார்த்தாயோ," என்றார் முதலாளி. "கப்டன்தான்."

அதன் பிறகு நாங்கள் கப்டனிலிருந்து இறங்கவில்லை. ஹோட்டலுக்குக் கப்டன் என்று சொன்னோம். வாகனச் சாரதிக்குக் கப்டன் என்று பலகை அடித்துக் கொடுத்தோம். வழமைப்படி, வந்துகொண்டிருந்த கப்பலுக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அந்தக் கப்பலுக்கு ஒரு கப்டன் இருந்தார், உண்மையான கப்டன். அவருக்கு எழுதியது இதுதான்: "நீங்கள் நங்கூரமிட்டதும் கப்டன் இன்னார் உங்கள் கப்பலில் ஏறுவார். அவருக்கான லோஞ்சும் அனுமதியும் ஆயத்தம்."

"குறித்துக்கொண்டேன், நன்றி" என்று அந்தக் கப்டன் பதில் அனுப்பினார். அடுத்த நாள் இன்னொன்று அனுப்பினார். "என் விமானச்சீட்டு விபரங்களையும் அறியத் தரவும்."

எனக்கு விளங்கவில்லை. முதலாளியிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, "லீவில போறார் போல. கொம்பனி எங்களுக்கு இன்னும் சொல்லேல்லை. தெரியாது எண்டு எழுதாத. ஒழுங்குகள் நடக்குது எண்டு எழுது" என்றார். ஒழுங்குகள் நடக்கின்றன என்று எழுதினேன்.

இடையில் துறைமுக அனுமதிப் படிவம். அதில் திரு, திருமதி, செல்வி என்று மூன்றும் அச்சிட்டு, பொருத்தமில்லாதவற்றை வெட்டிவிடுக என்று இருக்கும். கப்டன் என்று அதில் இல்லை. கடவுச்சீட்டின் பிரதியைக் கேட்டு வாங்கினோம். இதைக் கேட்பதில் அவமரியாதை இல்லை, எல்லாரிடமும் கேட்பதுதான் என்று முதலாளி அனுமதித்தார். பிரதி வந்தது. யாரோ கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆண் பெண் என்று குறிக்கிற இடத்தில் மின்குமிழின் வெளிச்சம் வெள்ளை வட்டமாக விழுந்திருந்தது. அதே விபரம் அடியில் உள்ள நீள வரியிலும் இருக்கும், ஆனால் படம் அந்த வரிக்கு மேலேயே வெட்டுப்பட்டுப் போயிற்று. மிச்சம் இருந்தது புகைப்படம். கட்டையாக வெட்டிய தலைமுடி, சட்டைக் கொலர், ஐம்பது வயது மதிக்கத்தக்க, யாரோடும் கதைக்க விருப்பமில்லாத முகம்.

"ஆம்பிளை," என்றார் முதலாளி.

"எங்கட பள்ளிக்கூட உப அதிபர் மாதிரி இருக்கு. அவ பொம்பிளை," என்றேன்.

கப்பல்துறை அண்ணை படத்தைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். "காது குத்தியிருக்கோ?"

"இப்ப ஆம்பிளையளும் குத்தினம், அண்ணை."

"எங்கட ஊரிலயும் குத்தினம். அப்ப காது சரிவராது."

அவர் ஒன்றையும் வெட்டாமல் படிவத்தைக் கொண்டுபோனார். துறைமுக வாயிலில் இருந்த உத்தியோகத்தர் திருப்பிக் கொடுத்தாராம். "பொருத்தமில்லாததை வெட்டுங்கோ."

"எது பொருத்தமில்லை எண்டுதான் சேர் தெரியேல்லை."

"அப்ப ஆள் வந்தாப் பிறகு வெட்டுங்கோ" என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். இந்த விவகாரம் முழுவதிலும் எங்கள் காதில் விழுந்த ஒரே புத்திமதி அதுதான். அதை நாங்கள் படிவத்துக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டோம்.

வருகிற நாள் வந்தது. முதலாளி வெள்ளைக் காற்சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து வந்தார். ஆணென்றால் போட மாலை ஒன்று, பெண்ணென்றால் கொடுக்கப் பூச்செண்டு ஒன்று, இரண்டையும் வாங்கியிருந்தார். பெண்ணாக இருந்தால் பக்கத்தில் ஒரு பெண் நிற்கவேண்டும் என்று என்னையும் இறங்குதுறைக்கு வரச் சொன்னார். ஆணாக இருந்தால் நான் பூச்செண்டைக் கொண்டு திரும்பிப் போகலாம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மாலையை முதலாளி பிடித்திருக்க, பூச்செண்டை அண்ணை முதுகுக்குப் பின்னால் பிடித்திருக்க, மூவரும் வெயிலில் நின்றோம்.

வாகனம் வந்து நின்றது. முன்கதவைத் திறந்துகொண்டு, சாரதி வந்து திறக்கும்வரை நில்லாமல், ஒரு பெண் இறங்கினார். தடித்த வேலைச் சப்பாத்து, தோளில் பை, கையில் வெள்ளைத் தலைக்கவசம். புகைப்படத்தில் இருந்த அதே முகம், இப்போது சிரித்துக்கொண்டு.

முதலாளி மாலையை அண்ணையிடம் கொடுத்துப் பூச்செண்டை வாங்க முயன்றார். அண்ணை அதே கணத்தில் பூச்செண்டைக் கொடுத்து மாலையை வாங்க முயன்றார். பூச்செண்டிலிருந்து இரண்டு பூக்கள் காற்றோடு போய்த் தண்ணீரில் விழுந்தன.

"வெல்கம், கப்டன்!" என்றார் முதலாளி.

அந்தப் பெண் பூச்செண்டை வாங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார், "நன்றி. ஆனால் நான் கப்டன் இல்லை. விமான நிலையத்திலும் அப்படி ஒரு பலகை இருந்தது. வேறு யாருக்கோ என்று நினைத்து அதைத் தாண்டி இரண்டு தரம் நடந்துவிட்டேன்."

முதலாளி என் பக்கம் திரும்பித் தமிழில், "பார் பிள்ளை, என்ன தன்னடக்கம்!" என்றார். பிறகு அவரிடம் இன்னும் சத்தமாக, "யூ ஆர் டூ மொடெஸ்ட், கப்டன்!" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். எனக்குத் தரையைப் பார்க்க நேர்ந்தது. அண்ணை படிவத்தை எடுத்து, திருவை வெட்டினார். பிறகு திருமதிக்கும் செல்விக்கும் நடுவில் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கேட்டேன். "செல்வி" என்ற பொருள்பட அவர் பதில் சொன்னார். அதில் அவருக்கு எந்த அவமானமும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

லோஞ்சில் நால்வரும் போனோம். உள்துறைமுகத்தின் நடுவில் கப்பல் சாம்பல் மதிலாக நின்றது. பக்கவாட்டு ஏணியில் பாதி ஏறியதும் நான் தண்ணீரைப் பார்த்து நின்றுவிட்டேன். அந்தப் பெண் எனக்குப் பின்னால் ஏறி, "கீழே பார்க்காதே, அடுத்த படியை மட்டும் பார்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மேலே போனதும் நான் கண்டது மூன்று பெரிய பயணப்பெட்டிகள். இறுக்கிப் பூட்டி, பட்டி கட்டி, ஏணித் தலைப்பில் வரிசையாக வைத்திருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் கப்பலின் கப்டன் நின்றார். அறுபதை நெருங்கிய, மெலிந்த மனிதர். தோளில் நான்கு பொன் கோடுகளோடு முழுச் சீருடை. எங்களிடம் வந்த கப்டன்மார் பொதுவாக அரைக்காற்சட்டையோடுதான் நிற்பார்கள். இவருக்குப் பின்னால் மாலுமிகள் வரிசையாக நின்றார்கள். சமையற்காரர் ஒரு கேக்கை வைத்திருந்தார். அதில் "போய் வாருங்கள் கப்டன்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

கப்டன் முன்னே வந்து அந்தப் பெண்ணுக்கு சலூட் அடித்தார். தடித்த கோப்பு ஒன்றை நீட்டினார். "கப்டன், ஒப்படைப்புக் குறிப்புகள் எல்லாம் இதில் இருக்கின்றன. கப்பல் உங்களுடையது."

அந்தப் பெண் கோப்பை வாங்கி அதன் அட்டையைப் பார்த்தார். பிறகு, என்ஜின் அறைப் பக்கமிருந்து எண்ணெய் அப்பிய உடுப்போடு ஒரு பெரிய உருவம் ஓடி வந்தது. கப்பலின் தலைமைப் பொறியியலாளர். அந்தப் பெண்ணைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. "சீஃப்! நீங்களா வருகிறீர்கள்? இவர்கள் யாரோ கப்டன் வருவதாகச் சொன்னார்களே!"

அப்போதுதான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. அந்தப் பெண் வாழ்நாள் முழுவதும் கப்பல்களின் என்ஜின் அறையில் வேலை செய்து தலைமைப் பொறியியலாளராக உயர்ந்து, பிறகு கம்பனியின் தொழில்நுட்ப சுப்ரின்டென்டன்ட் ஆனவர். சுப்ரின்டென்டன்ட்மாரில் கப்டனாக இருந்து வந்தவர்களும் உண்டு, என்ஜினிலிருந்து வந்தவர்களும் உண்டு. அண்ணை கண்டவர்கள் முதல் வகை. என்ஜின்காரரைக் கப்டன் என்று சொல்வது ஒரு படி கூட்டிச் சொல்வது ஆகாதாம். கடலில் அந்த இரண்டு பகுதிக்கும் இடையில் இருக்கிற பழைய பூசலை லோஞ்சில் திரும்பி வரும்போதுதான் அண்ணை எங்களுக்கு விளக்கினார். கொஞ்சம் முன்னரே விளக்கியிருக்கலாம்.

அந்தப் பெண் கோப்பை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். "கப்டன், நான் உங்கள் மின்பிறப்பாக்கியைப் பார்க்க வந்தேன். எனக்குக் கப்பல் ஓட்டத் தெரியாது. என் வாழ்க்கை முழுக்கக் கப்டனாக இல்லாமல் இருப்பதிலேயே கவனமாக இருந்திருக்கிறேன்."

"அப்படியென்றால் எனக்குப் பதிலாக வருகிற கப்டன்?"

"அப்படி யாரும் இல்லை."

"முகவர் எழுதினார்களே. கப்டன் ஒருவர் ஏறுகிறார் என்று. என் விமானச்சீட்டைப் பற்றிக் கேட்டேன், ஒழுங்குகள் நடக்கின்றன என்றார்கள்."

எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணைக்குப் பார்க்க வேறு யாரும் இருக்கவில்லை, கேக்கைப் பார்த்தார்.

கப்டன் கத்துவார் என்று நினைத்தேன். எங்கள் மின்னஞ்சல் கிடைத்த முதல் நாள் கத்தியதாகத் தலைமைப் பொறியியலாளர் பிறகு சொன்னார். இத்தனை வருடம் உழைத்தவனை ஒரு சொல் கேளாமல் மாற்றுகிறார்களே என்று தலைமை அலுவலகத்துக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்தாராம். ஆனால் இரண்டாம் நாள் கோபம் போய்விட்டதாம். வீட்டுக்குப் போகப்போகிறோம் என்ற எண்ணம் உள்ளே வந்துவிட்டதாம். தன் மின்கேத்தலை மூன்றாம் அதிகாரிக்குக் கொடுத்துவிட்டார். ஜன்னலோரம் வளர்த்த மிளகாய்ச் செடியைச் சமையற்காரருக்குக் கொடுத்துவிட்டார். மனைவிக்குச் செய்தி அனுப்பிவிட்டார். ஒப்பந்தப்படி அவருக்கு இன்னும் சில மாதங்கள் மிச்சம் இருந்தன.

அவர் கத்தவில்லை. பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "வெள்ளிக்கிழமை மீன் குழம்பு வைப்பதாக எழுதியிருந்தாள்" என்று, யாருக்கும் அல்லாமல், சொன்னார்.

முதலாளி தொண்டையைச் செருமினார். நல்ல மனதோடுதான் செருமினார். "சேர், எங்கள் நோக்கம் மரியாதை மட்டும்தான்."

"அது எனக்கு விளங்குகிறது," என்றார் கப்டன். "அதனால்தான் யாரையும் திட்ட முடியவில்லை."

கேக்கை என்ன செய்வது என்று சமையற்காரர் கேட்டார். வெட்டச் சொல்லி அந்தப் பெண்ணே சொன்னார். "போய் வாருங்கள்" என்ற பகுதியை முதலில் வெட்டி எங்களுக்குத் தந்தார்கள். நாங்கள்தான் போகிறவர்கள் என்று காரணம் சொன்னார்கள். முதலாளி தன் துண்டை மிகுந்த மரியாதையோடு சாப்பிட்டார். அதற்குள் அந்தப் பெண் மேலங்கியை மாற்றிக்கொண்டு என்ஜின் அறைக்கு இறங்கிவிட்டார். மூன்றாம் அதிகாரி ஒரு மின்கேத்தலைக் கொண்டுவந்து கப்டனின் பெட்டிக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார். மிளகாய்ச் செடியைச் சமையற்காரர் திருப்பிக் கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது.

மாலையில் அந்தப் பெண்ணை அறைக்குக் கூட்டிப்போக நானும் வாகனத்தில் போனேன். அவருடைய கைகளில் கழுவியும் போகாத கறுப்பு எண்ணெய். அவர் கோபமாக இல்லை என்று கண்டபிறகு கேட்டேன்.

"முதல் கடிதத்திலேயே நீங்கள் எங்களைத் திருத்தியிருக்கலாமே?"

"முன்பெல்லாம் திருத்துவேன். நான் பெண் என்று எழுதினால், அடுத்த கடிதம் மன்னிப்புக் கேட்டு வரும். அதற்கு அடுத்தது பூப்படம் போட்டு வரும். நான் கேட்ட பம்பைப் பற்றிய பதில் அதற்குப் பிறகுதான் வரும். அதனால் மிஸ்டர் என்றாலும் பதில் எழுதுவேன், மேடம் என்றாலும் எழுதுவேன். கப்டன் என்று நீங்கள்தான் முதல். எனக்குக் கொஞ்சம் சிரிப்பாக இருந்தது, விட்டுவிட்டேன். அது என் பிழை. கப்பலுக்கும் அப்படியே எழுதுவீர்கள் என்று யோசிக்கவில்லை."

"இனி எப்படி எழுதட்டும்?"

"நான் கையெழுத்திடுகிற மாதிரியே. அன்புள்ள என்று போட்டு மூன்று சொல்லையும் எழுது. முன்னால் ஒன்றும் வேண்டாம். பின்னாலும் வேண்டாம். கப்பலில் நேரில் என்றால் சீஃப். இன்னொன்று, நீங்கள் கப்டனுக்குப் பிறகு போட்ட கடைசிச் சொல் என் குடும்பப் பெயர் இல்லை. எங்கள் நாட்டில் குடும்பப் பெயர் முதலில் வரும். கடைசிச் சொல் என் அம்மா என்னைக் கூப்பிடுகிற பெயர்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவ்வளவு நாளும் நாங்கள் அவருக்குக் "கப்டன் செல்லம்" என்ற மாதிரி ஏதோ எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மின்பிறப்பாக்கி திருத்தப்பட்டு, கிளிங்கர் இறக்கப்பட்டு, கப்பல் போயிற்று. போகிறதற்கு முன்னர் அந்தப் பெண் தலைமை அலுவலகத்தோடு நெடுநேரம் கதைத்ததை நான் கேட்டேன். மொழி விளங்கவில்லை, ஆனால் கப்டன் என்ற சொல் பலமுறை வந்தது. சில வாரங்கள் கழித்து அடுத்த துறைமுகத்தில் உண்மையாகவே ஒரு புதுக் கப்டன் ஏறினார் என்றும், நம்முடைய கப்டன் பெட்டிகளோடு வீட்டுக்குப் போனார் என்றும் அவர் எழுதினார். ஒரு மனிதன் மனதளவில் இறங்கிவிட்ட கப்பலை அவனிடம் விட்டுவைப்பது நல்லதல்ல என்று கம்பனி ஒப்புக்கொண்டதாம்.

முதலாளி அந்தச் செய்தியை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "எங்களால ஒரு மனிசன் வீட்டை போனான்" என்றார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் கதையை அந்த இடத்திலிருந்துதான் தொடங்குவார்.

அடுத்த மாதம் இன்னொரு கம்பனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஓர் எழுத்து, ஒரு புள்ளி, ஒரு பெயர். ஆணா பெண்ணா என்றும் தெரியவில்லை, பதவியும் தெரியவில்லை. முதலாளி என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். நெடுநேரம் திரையைப் பார்த்தார்.

"கேள், பிள்ளை," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா கேட்ட மாதிரித் தெரியக் கூடாது."

அப்படி ஒரு வாக்கியத்தை எந்த மொழியிலும் எழுத எனக்கு ஏலாது. அவர் தேநீர் குடிக்கப் போகும்வரை நின்று, "உங்களை எப்படி அழைப்பது என்று தயவுசெய்து சொல்லுங்கள்" என்று நேராக எழுதி அனுப்பினேன். அவர் கோப்பையைக் கழுவி வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "மிஸ்டர் போதும். கேட்டதற்கு நன்றி. கப்பல் திங்கள் காலை வருகிறது, ஐந்து தொன் நல்ல தண்ணீர் வேண்டும்."

தண்ணீருக்குச் சொல்ல அண்ணை போனை எடுத்தார்.